சர்வரா, கிளவுட் கிரெடிட்டா? கல்லூரி முதல்வருக்குப் போகும் ஒரு கடிதம் சொல்லியாக வேண்டியவை

மலாக்காவின் ஜாசின் மாவட்டத்தில், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சிறுநகரம் செலண்டார். இங்கே ஒரு சமூகக் கல்லூரி இருக்கிறது. மெர்லிமாவில் பாலிடெக்னிக், டூரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆயர் குரோ பக்கம் மல்டிமீடியா பல்கலைக்கழகம் என்று சுற்றுவட்டாரத்தில் கணினி கற்பிக்கும் இடங்கள் பல. எஸ்.பி.எம். முடித்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சிறுநகரப் பிள்ளைகளுக்கும் கணினித் துறையின் வாசல் இப்படிப்பட்ட கல்லூரிகள்தாம். பிள்ளைகள் வீட்டில் நல்ல கணினி இல்லாமல் வரக்கூடும். அவர்களுக்குக் கல்லூரியின் கணினிக்கூடமே முழு உலகம்.

அந்தக் கூடத்தின் சர்வர் ஐந்தாறு வயதை எட்டும்போது ஒரு கேள்வி எழுகிறது. உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும், வன்தட்டு ஒன்று பழுதாகியிருக்கும், ஒரே நேரத்தில் முப்பது பேர் நுழைந்தால் இயந்திரம் திணறும். கூடத்தின் ஒருங்கிணைப்பாளர் முதல்வருக்குக் கடிதம் எழுத வேண்டும். முன்பெல்லாம் அதில் ஒரே கோரிக்கைதான் இருந்தது: புதிய சர்வர். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: சர்வர் வேண்டாம், கிளவுட் கிரெடிட் வாங்கித் தாருங்கள். இது எப்போது சரி, எப்போது தவறு, அந்தக் கடிதத்தில் எவையெல்லாம் இருக்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரை. இதில் வரும் கூடம் எந்த ஒரு கல்லூரியின் கணக்கும் அல்ல. இவ்வட்டாரக் கல்லூரி ஒன்றில் இருக்கக்கூடிய அளவை எடுத்துக்கொண்டு போட்ட மாதிரிக் கணக்கு.

கூடம் எத்தனை மணி நேரம் உழைக்கிறது?

முடிவைத் தீர்மானிப்பது சர்வரின் விலையைவிட அதன் உழைப்பு நேரம்தான். ஒரு வகுப்புக்கு வாரம் இரண்டு செய்முறை வேளைகள், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்று வைப்போம். ஒரு பருவத்துக்கு 14 வாரப் பாடம், ஆண்டுக்கு இரண்டு பருவம். ஆக அந்த வகுப்புக்கு ஆண்டுக்கு 168 மணி நேரம். ஓர் ஆண்டில் இருப்பதோ 8,760 மணி நேரம். ஒரு வகுப்புக்காக மட்டும் வாங்கிய சர்வர், ஆண்டின் 100 மணி நேரத்தில் இரண்டு மணி நேரம்கூட முழுமையாக உழைக்காது. மற்ற நேரமெல்லாம் குளிரூட்டிய அறையில் மின்சாரத்தை உண்டுகொண்டிருக்கும்.

கிளவுட் இந்த இடைவெளியில்தான் பயன்படுகிறது. அங்கே மெய்நிகர்க் கணினி ஓடும் நேரத்துக்கு மட்டும் கட்டணம். வகுப்பு நேரத்தில் முப்பது கணினிகளை எழுப்பலாம், முடிந்ததும் அணைக்கலாம். ஆனால் கூடத்தின் எல்லா வேலைகளும் இப்படித் தூங்கி விழிப்பவை அல்ல. மாணவர் கோப்புகளைக் காக்கும் சேமிப்பகம், அச்சுப்பொறிகளை நிர்வகிக்கும் கணினி, கூடத்துக் கணினிகள் எல்லாவற்றுக்கும் இயங்குதளத்தை ஒரே வேளையில் நிறுவித் தரும் கணினி ஆகியவை நாள் முழுதும் விழித்திருக்க வேண்டும். அவற்றின் பயனும் உள்வலையமைப்புக்குள்ளேயே இருக்கிறது. இவற்றைக் கிளவுடுக்கு அனுப்பினால் செலவு கூடும், வேகம் குறையும்.

ஆகவே கடிதத்தின் முதல் பத்தியில் கூடத்தின் வேலைகளை இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். வகுப்போடு எழுந்து வகுப்போடு அடங்குபவை ஒரு பக்கம், எப்போதும் விழித்திருப்பவை மறு பக்கம். இப்பிரிவு இல்லாத கடிதம், எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கேட்கும் கடிதமாகிவிடும். முதல்வர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அது தடுமாறும்.

கிரெடிட் என்பது என்ன வகைப் பணம்?

கிரெடிட் என்பது பணம் போலத் தெரியும் ஓர் அனுமதி. அதற்குக் காலாவதித் தேதி உண்டு, செலவழிக்கும் இடத்துக்கு வரம்பு உண்டு, உரிமையாளர் யார் என்ற வரையறையும் உண்டு. கல்விக்கான கிரெடிட்டுகளில் இம்மூன்றும் வெவ்வேறு விதமாக அமைந்திருக்கின்றன. கோரிக்கை வைக்கும் முன் இவ்வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் 'அஷ்யூர் ஃபார் ஸ்டூடன்ட்ஸ்' திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் 12 மாதத்துக்கு 100 அமெரிக்க டாலர் கிடைக்கிறது. கடன் அட்டை தேவையில்லை. கல்லூரி மின்னஞ்சல் வழியாக மாணவர் என்று நிரூபித்தால் போதும். கிரெடிட் தீர்ந்தால் கணக்கு முடங்கும், யார் தலையிலும் கட்டணம் விழாது. தோட்டத்துக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் இரண்டு சிக்கல்கள். ஒன்று, 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். எஸ்.பி.எம். முடித்த கையோடு சேரும் மாணவரில் சிலருக்கு முதல் பருவத்தில் அந்த வயது ஆகியிருக்காது. இரண்டு, கணக்கு மாணவருடையது, கல்லூரியுடையது அல்ல. யார் எதை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று ஆசிரியர் ஒரே திரையில் பார்க்க இயலாது.

அமேசானின் 'ஏ.டபிள்யூ.எஸ். அகாடமி' வேறு விதம். கல்லூரி உறுப்பினராகச் சேர வேண்டும், தகுதி பெற்ற ஆசிரியர் பாடத்தை நடத்த வேண்டும். அதன் 'லேர்னர் லேப்' பகுதியில் மாணவருக்கு வழக்கமாக 50 டாலர் அளவில் வரவு கிடைக்கும். ஒரு வேளை நான்கு மணி நேரம். அது முடிந்ததும் மெய்நிகர்க் கணினிகள் தாமாக நிறுத்தப்படும். மறதியால் வரும் செலவை இது பெருமளவு தடுக்கிறது. ஆனால் வரவைத் தாண்டிச் செலவழித்தால் அந்த மாணவரின் கணக்கு மூடப்படும், அதில் செய்த வேலையும் போய்விடும். மேலும், லேர்னர் லேப் அமெரிக்கத் தரவு மையங்களில் மட்டுமே இயங்குகிறது. செலண்டாரில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது வர்ஜீனியா போய்த் திரும்பக் கால் விநாடி அளவு ஆகும். கட்டளை வரி வேலைக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடிய தாமதம், வரைகலைத் திரைக்கு எரிச்சலூட்டும் தாமதம்.

மூன்றாவது வகை, கல்லூரியே பணம் கொடுத்து முன்கூட்டி வாங்கும் கிரெடிட். இதில் இடக் கட்டுப்பாடு கிடையாது. சிங்கப்பூரின் தரவு மையங்கள் அருகிலேயே இருக்கின்றன. அமேசான் 2024 ஆகஸ்ட்டில் மலேசியாவிலேயே `ap-southeast-5` என்ற வட்டாரத்தைத் திறந்தது. மைக்ரோசாஃப்டும் 2025-இல் மலேசிய வட்டாரத்தைத் தொடங்கியது. கட்டளைக்கு மறுமொழி வர இங்கிருந்து சில பத்து மில்லிவிநாடிகளுக்கு மேல் ஆகாது.

கடிதத்தில் "கிளவுட் கிரெடிட்" என்று மட்டும் எழுதினால் இம்மூன்றில் எது என்று முதல்வருக்குத் தெரியாது. இலவசம் என்று அவர் புரிந்துகொள்ளலாம், நிதிப் பிரிவு செலவு என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு வகுப்பின் கணக்கு

முப்பது மாணவர் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் இரண்டு செயலிக் கூறுகளும் 4 ஜி.பி. நினைவகமும் கொண்ட லினக்ஸ் கணினி ஒன்று. வகுப்பில் வாரம் 6 மணி, வீட்டுப் பயிற்சிக்கு 4 மணி, ஆக 10 மணி. 14 வாரத்துக்கு ஆளுக்கு 140 மணி, வகுப்புக்கு 4,200 மணி. இந்த அளவுக் கணினிக்குச் சிங்கப்பூரில் மணிக்கு ஏறத்தாழ 5 அமெரிக்க சென்ட். ஓடும் கட்டணம் 210 டாலர். பொது இணைய முகவரிக்கு மணிக்கு அரை சென்ட், அது 21 டாலர்.

இதோடு கணக்கு முடிந்தது என்றே பலரும் எண்ணுவார்கள். கணினியை அணைத்தாலும் அதன் வட்டு அங்கேயே இருக்கும், அதற்கு மாதக் கட்டணம் உண்டு. ஒரு ஜி.பி.க்கு மாதம் ஏறத்தாழ 10 சென்ட். ஆளுக்கு 20 ஜி.பி. என்றால் முப்பது பேருக்கு 600 ஜி.பி., மாதம் 60 டாலர், நான்கு மாதத்துக்கு 240 டாலர். கணினி ஓடியதற்கான கட்டணத்தைவிடத் தூங்கிய வட்டுக்கான கட்டணம் அதிகம். மணிக் கணக்கு மட்டும் போட்ட திட்டம் இங்கேதான் இரட்டிப்பாகிறது.

மொத்தம் 471 டாலர். ஒரு டாலருக்கு 4 ரிங்கிட் 20 சென் என்று வைத்தால் 1,978 ரிங்கிட். சேவை வரி 2024 மார்ச் முதல் 8 விழுக்காடு. அதையும் சேர்த்தால் ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 2,140 ரிங்கிட், ஆண்டுக்கு 4,270 ரிங்கிட். வரி சேர்க்காமல் மாணவர் ஒருவருக்கு ஒரு பருவத்தில் 16 டாலருக்குள். மேலே சொன்ன 50 டாலர், 100 டாலர் வரவுக்குள் இது தாராளமாக அடங்கும்.

சர்வரின் பக்கம் வருவோம். முப்பது மெய்நிகர்க் கணினிகளைத் தாங்க 120 ஜி.பி. நினைவகமாவது வேண்டும். அதைவிட இரு மடங்கு நினைவகம் கொண்ட சர்வரை, மின்காப்புக் கருவியோடு 45,000 ரிங்கிட் என்று மதிப்பிடுவோம். ஐந்தாண்டு ஆயுள் என்றால் ஆண்டுக்கு 9,000. சர்வர் 400 வாட், அதைக் குளிரூட்ட இன்னொரு 240 வாட் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,600 யூனிட். யூனிட்டுக்கு 50 சென் என்று எடுத்தால் 2,800 ரிங்கிட். ஆக ஆண்டுச் செலவு 11,800 ரிங்கிட்.

ஒரு வகுப்புக்கு 4,270 ரிங்கிட் கிளவுட், 11,800 ரிங்கிட் சர்வர். கிளவுட் வென்றுவிட்டது என்று இங்கேயே நிறுத்தினால் கடிதம் நேர்மையற்றதாகிவிடும். அதே சர்வரை வெவ்வேறு வேளைகளில் இரண்டு, மூன்று, நான்கு வகுப்புகள் பகிரலாம். சர்வரின் செலவு கூடாது, கிளவுடின் செலவு வகுப்புக்கு வகுப்பு கூடும். இரண்டு வகுப்புக்குக் கிளவுட் 8,540 ரிங்கிட், இன்னும் குறைவுதான். மூன்று வகுப்புக்கு 12,810 ரிங்கிட் ஆகி, சர்வரைத் தாண்டிவிடும். வட்டை 20 ஜி.பி.யிலிருந்து 8 ஜி.பி.க்குச் சுருக்கினால் ஒரு வகுப்பின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 2,970 ரிங்கிட்டுக்கு இறங்கும், மூன்று வகுப்பு வரை கிளவுட் தாக்குப்பிடிக்கும், நான்கில் இரண்டும் ஏறத்தாழச் சமம்.

எனவே பணம் கொடுத்து வாங்கும் கிளவுட், சிறிய கூடத்துக்கே மலிவு. காலை முதல் மாலை வரை வகுப்புகள் நிரம்பி வழியும் கூடத்துக்குச் சொந்தச் சர்வரே மலிவு. கல்விக்கென வழங்கும் இலவசக் கிரெடிட் கிடைத்தால் இந்தத் தராசு மறுபடியும் மாறும். ஒருங்கிணைப்பாளர் தம் கூடத்தின் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். விளம்பரக் கையேட்டைப் பார்த்து எழுதக்கூடாது.

சர்வரின் கணக்கில் எளிதில் சேராத ஒன்றையும் சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியா உலகிலேயே இடிமின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. மாலை நேர மின்னலும் அதனால் வரும் மின்வெட்டும் வன்தட்டுகளையும் வலையமைப்புக் கருவிகளையும் எரிக்கும். மின்காப்புக் கருவியின் மின்கலங்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சர்வர் பழுதானால் உதிரி பாகமும் ஆளும் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். ஒரே ஒரு சர்வரை நம்பியிருக்கும் கூடத்தில் அது பருவத்தின் நடுவில் நின்றால், அந்த வாரத்துச் செய்முறை முழுவதும் நின்றுவிடும்.

அணைத்ததாக நினைத்தது ஓடிக்கொண்டிருந்தால்

கிளவுட் திட்டம் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: யாரும் அணைக்கவில்லை. மேற்கண்ட முப்பது கணினிகளும் 14 வாரம் இரவும் பகலும் ஓடினால் 70,560 மணி. கட்டணம் 3,528 டாலர், வரி சேர்க்காமலே ஏறத்தாழ 14,800 ரிங்கிட். ஒழுங்காக அணைத்திருந்தால் அதே கட்டணம் 882 ரிங்கிட்தான். இடையிலுள்ள வேறுபாடு 17 மடங்கு.

அணைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. அமேசானில் மாணவர் கணினிக்குள்ளிருந்து அணைத்தால், வழக்கமான அமைப்பில் ஓடும் கட்டணம் நின்றுவிடும். அஷ்யூரில் அப்படி இல்லை. உள்ளிருந்து அணைத்த கணினி `Stopped` என்று காட்டும், கட்டணம் தொடரும். நிர்வாகப் பக்கத்தில் நிறுத்தி `Stopped (deallocated)` என்று வந்தால்தான் நிற்கும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த ஒரு சொல் இல்லாததால் மாணவரின் 100 டாலர் பருவம் முடியும் முன்பே கரைந்துபோகலாம். அங்கே நாள்தோறும் தானாக நிறுத்தும் வசதியை முதல் நாளே இயக்கி வைக்க வேண்டும்.

அமேசான் கணினியில் இரவு 10 மணிக்குத் தானாக அணைய, நிர்வாகிக்குரிய கிரான் அட்டவணையில் ஒரு வரி போதும்:

```
0 14 * * * /sbin/shutdown -h now
```

இதில் 22 என்று எழுதாமல் 14 என்று எழுதியிருப்பதைக் கவனிக்க வேண்டும். கிளவுட் கணினியின் கடிகாரம் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் இருக்கும், மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னால். 22 என்று எழுதினால் கணினி காலை 6 மணிக்குத்தான் அணையும். எட்டு மணி நேரக் கட்டணம் ஒவ்வோர் இரவும் வீணாகும்.

செலவு எச்சரிக்கை மின்னஞ்சலை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. அமேசானின் செலவுத் திட்ட எச்சரிக்கை தகவல் மட்டுமே தரும், தனியே அமைத்து வைக்காவிட்டால் தானாக எதையும் நிறுத்தாது. அதன் கணக்கும் சில மணி நேரம் பின்தங்கியே வரும். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கிய தவறு திங்கட்கிழமை கண்ணில் படும். ஆகவே கடிதத்தில் ஒருவரின் பொறுப்பைக் குறிப்பிட வேண்டும்: ஒவ்வொரு வாரமும் கட்டணப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் யார், அவர் விடுப்பில் போனால் பார்ப்பவர் யார்.

கம்பி தாங்குமா?

இந்த நாடு ஒரு பாடத்தை முன்பே படித்திருக்கிறது. 2011-இல் தொடங்கிய ஒன் பெஸ்தாரிநெட் திட்டம், ஏறத்தாழ 10,000 பள்ளிகளுக்கு இணைய இணைப்பையும் இணையவழிக் கற்றல் தளத்தையும் தர முனைந்தது. தளம் பயன்பட்ட அளவு மிகக் குறைவு என்று கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019-இல் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. கற்றல் வசதியைத் தொலைவில் வைத்தால், அதை எட்டும் பாதையும் அதைப் பயன்படுத்தும் பழக்கமும் சேர்ந்தே வளர வேண்டும் என்பதற்கு அது சான்று.

கல்லூரிக் கூடத்துக்குத் தேவையான அலைவரிசை, பாடத்தைப் பொறுத்தது. கட்டளை வரியில் வேலை செய்யும் முப்பது மாணவரும் சேர்ந்தாலும் ஒரு மெகாபிட் அளவைத் தாண்ட மாட்டார்கள். மென்பொருள் தொகுப்புகளையும் கிளவுட் கணினி தன் பக்கத்திலேயே இறக்கிக்கொள்ளும், கல்லூரிக் கம்பிக்குச் சுமை இல்லை. ஆனால் வரைகலைத் திரை வேண்டும் என்றால் ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு மெகாபிட், வகுப்புக்கு 30 முதல் 60 மெகாபிட் தொடர்ந்து வேண்டும். வடிவமைப்பும் காணொளித் தொகுப்பும் கற்பிக்கும் கூடத்துக்குக் கிளவுட் பொருந்தாது என்று சொல்லிவிடலாம். லினக்ஸ், தரவுத்தளம், வலை நிரலாக்கம் கற்பிக்கும் கூடத்துக்குப் பொருந்தும்.

வேகம் இருந்தும் வழி அடைபட்டிருக்கலாம். கல்லூரித் தீயரண் 22-ஆம் வாயிலை மூடியிருந்தால் மாணவர் எவரும் கிளவுட் கணினிக்குள் நுழைய இயலாது. கடிதம் எழுதும் முன் கூடத்துக் கணினி ஒன்றில் இந்த இரண்டு வரிகளையும் ஓட்டிப் பார்க்கலாம்:

```
ssh -T git@github.com
ssh -T -p 443 git@ssh.github.com
```

முதல் வரிக்கு `Permission denied (publickey)` என்று பதில் வந்தால்கூட வாயில் திறந்திருக்கிறது என்று பொருள். அனுமதி மறுக்கும் அளவுக்கு எதிர்ப்பக்கம் பேசியிருக்கிறது. நெடுநேரம் காத்திருந்து `Connection timed out` என்று முடிந்தால் வாயில் மூடியிருக்கிறது. முதலாவது தோற்று, இரண்டாவதற்குப் பதில் வந்தால் 443 வழியாகப் போக வழி உண்டு. கிளவுட் கணினியின் நுழைவையும் அந்த வாயிலுக்கு மாற்றி அமைக்கலாம். இந்தச் சோதனையின் முடிவை நாள் குறித்துக் கடிதத்தோடு இணைத்தால், பிணைய நிர்வாகியின் மறுப்புக்கு முன்கூட்டியே பதில் சொன்னதாகும்.

எந்தத் தலைப்பில் இருந்து பணம்?

தொழில்நுட்பம் சரியாக இருந்தும் கடிதம் நிதிப் பிரிவின் மேசையில் தங்கிவிடுவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அரசுக் கல்லூரிகளில் செலவுகள் தலைப்பு வாரியாகப் பிரிந்திருக்கின்றன. சர்வர் ஒரு சொத்து, அது `OA30000` தலைப்பில் வரும். கிளவுட் ஒரு சேவை, அது `OA20000` தலைப்பில் வரும். சர்வருக்கென வந்த சொத்து ஒதுக்கீட்டை எடுத்துக் கிளவுடுக்குச் செலவிடும் உரிமை ஒருங்கிணைப்பாளருக்குக் கிடையாது, முதல்வரும் தலைப்பு மாற்றத்துக்கு முறைப்படி ஒப்புதல் பெற வேண்டும். "சர்வருக்குப் பதிலாகக் கிரெடிட்" என்ற வாக்கியம் எளிதாகத் தோன்றினாலும், நிதிக் கணக்கில் அது ஒரு கதவை மூடி இன்னொரு கதவைத் தட்டும் வேலை. ஆகவே அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் தயாராகும் காலத்திலேயே கடிதம் போய்ச் சேர வேண்டும். ஆண்டின் இறுதியில் மிச்சப் பணத்தைக் கண்டு எழுதினால் பயனில்லை.

இன்னொரு முடிச்சு, கட்டணத்தின் தன்மை. அரசுக் கொள்முதல் ஆணைக்குத் தொகை முன்பே தெரிந்திருக்க வேண்டும். கிளவுட் கட்டணமோ மாத இறுதியில்தான் தெரியும், அதுவும் அமெரிக்க டாலரில், கடன் அட்டையில். இதை அவிழ்க்கும் வழி, உள்நாட்டு விற்பனை நிறுவனத்திடம் ரிங்கிட்டில், குறிப்பிட்ட தொகைக்கு முன்கட்டணக் கிரெடிட் வாங்குவது. தொகை உறுதி, பில் ஒன்று, நாணய மாற்று இழப்பு விற்பவரோடு நின்றுவிடும். அரசும் 2022-இல் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகள், டெலிகோம் மலேசியா ஆகியவற்றோடு கிளவுட் கட்டமைப்பு ஒப்பந்தம் செய்தது. தங்கள் கல்லூரி அந்த வழியில் வாங்கலாமா என்று அமைச்சின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் இணைப்பது நல்லது.

மாணவரின் அடையாள அட்டை எண், மதிப்பெண், முகவரி ஆகியவற்றைப் பயிற்சிக் கிளவுடில் ஏற்றக்கூடாது என்ற வரியும் கடிதத்தில் வேண்டும். தரவுத்தளப் பாடத்துக்குக் கற்பனைப் பெயர்களே போதும். இந்த ஒரு வரி, தரவுப் பாதுகாப்பு குறித்த கேள்விகளில் பெரும்பாலானவற்றைத் தேவையற்றதாக்கிவிடும்.

கிரெடிட் நிற்கும் நாள்

இலவசமாக வந்தது இலவசமாகவே நீடிக்கும் என்று எண்ணக்கூடாது. கூகள் நிறுவனம் கல்வி நிலையங்களுக்கு எல்லையற்ற சேமிப்பிடம் தந்துகொண்டிருந்தது. 2021 பிப்ரவரியில் அதை மாற்றுவதாக அறிவித்தது. 2022 முதல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாக 100 டெராபைட் என்று வரம்பு வந்தது. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கோப்புகளை அழிக்கவும் இடம் மாற்றவும் ஓடின. அமேசானும் முன்பு மாணவருக்கு நேரடியாகத் தந்த 'எஜுகேட்' தொடக்கக் கணக்குகளை நிறுத்தி, கல்லூரி வழியாகச் செல்லும் அகாடமிக்கு மாற்றியது. இதில் யாரும் வாக்கு மீறவில்லை. கொடுப்பவர் விதியை மாற்றலாம் என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்ட நிபந்தனை.

இதற்கான காப்பு, பாடத்தை எந்த ஒரு நிறுவனத்தின் தனிச் சேவைக்குள்ளும் பூட்டாமல் இருப்பதுதான். லினக்ஸ், மைஎஸ்க்யூஎல், பைத்தான் ஆகியவை எங்கும் ஓடும். ஒரு நிறுவனத்துக்கே உரிய தரவுத்தளத்தில் பாடத்தை எழுதினால், கிரெடிட் நின்ற நாளில் பாடத்திட்டமும் நிற்கும். மாணவர் வேலைகளை ஒவ்வொரு வாரமும் கிட் களஞ்சியத்துக்கு அனுப்பச் செய்வதும், வகுப்புக்கான மூலக் கணினிப் படிமத்தை எந்தக் கணினியிலும் மறுபடியும் கட்டமைக்கக்கூடிய நிறுவல் நிரலாக எழுதி வைப்பதும் அடுத்த படிகள். இவை இருந்தால், கூடத்து மேசைக் கணினிகளிலேயே விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, அதே பாடத்தை ஒரு வாரத்துக்குள் தொடரலாம். கூடத்து மேசைக் கணினிகளில் 8 ஜி.பி. நினைவகமாவது இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவைக்க வேண்டும்.

கடிதம் எப்படி அமைய வேண்டும்?

இதுவரை கண்டவற்றைச் சேர்த்தால் கடிதத்தின் உடல் இப்படி அமையும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, அடுத்த ஆண்டு கணினிக்கூடத்தில் இரண்டு வகுப்புகள், மொத்தம் 60 மாணவர், லினக்ஸும் தரவுத்தளமும் பயில்கின்றனர். இவர்களுக்குத் தேவைப்படும் மெய்நிகர்க் கணினி நேரம் ஆண்டுக்கு 16,800 மணி. இதற்குப் புதிய சர்வர் வாங்கினால் ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 11,800 ரிங்கிட், கிளவுடில் 8,540 ரிங்கிட் ஆகும் என மதிப்பிடுகிறோம். முதலில் கல்விக்கான இலவசக் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்கிறோம். அது கிடைக்காவிட்டாலோ இடையில் நின்றாலோ பயன்படுத்த, சேவைத் தலைப்பில் 8,540 ரிங்கிட் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மாணவர் கோப்புகளும் நிறுவல் பணிகளும் இப்போதுள்ள உள்வலையமைப்பிலேயே தொடரும். கணினிகள் இரவு 10 மணிக்குத் தாமாக அணையும், கட்டணத்தை வாரந்தோறும் நான் சரிபார்ப்பேன், மாதந்தோறும் தங்களுக்கு அறிக்கை தருவேன். ஒரு பருவம் ஒரு வகுப்பில் நடத்திப் பார்த்து, அதன் உண்மையான செலவை வைத்து அடுத்த முடிவை எடுக்கலாம். வகுப்புகள் இரண்டுக்கு மேல் பெருகினால் சர்வர் கோரிக்கையை மறுபடியும் பரிசீலிக்க வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே தெரிவிக்கிறேன்."

கடைசி வாக்கியம் கடிதத்தின் வலிமை. தான் கேட்பது எந்த நிலையில் தவறாகும் என்பதைத் தானே எழுதும் ஒருங்கிணைப்பாளரை முதல்வர் நம்பலாம். ஒரு பருவச் சோதனை என்ற வேண்டுகோளும் அப்படியே. ஒரு வகுப்புக்கு 2,140 ரிங்கிட் செலவில் கிடைக்கும் உண்மையான பில், 45,000 ரிங்கிட் சர்வரை வாங்கலாமா வேண்டாமா என்று எந்த ஆலோசகரைவிடவும் தெளிவாகச் சொல்லும்.

செலண்டார் போன்ற இடத்துச் சிறிய கூடத்துக்கு என் முடிவு இது. இரண்டு வகுப்பு வரை, கட்டளை வரிப் பாடங்களுக்குக் கிரெடிட் கேட்பதே சரி. மூன்றாவது வகுப்பில் வட்டையும் நேரத்தையும் குறைத்துக் கணக்கை மறுபடியும் போட வேண்டும். நான்குக்கு மேல் போனால் தயங்காமல் சர்வர் கேட்க வேண்டும். வரைகலைப் பாடங்களைக் கூடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். எந்த நிலையிலும், பணம் வரும் தலைப்பையும், கட்டணத்தைக் கண்காணிக்கும் ஆளையும், கிரெடிட் நின்றால் பாடம் தொடரும் வழியையும் எழுதாத கடிதத்தில் முதல்வர்கள் கையெழுத்திட வேண்டாம். எழுதப் போகும் ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் தங்கள் கூடத்தின் கால அட்டவணையை எடுத்து, ஆண்டுக்கு எத்தனை மணி என்று கூட்டிப் பார்க்கட்டும். கடிதம் அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும்.